மாடுலர் சுவிட்ச், சாக்கெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவிட்ச் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் முடிவு செய்வது பிளேட்டின் நிறத்தைத்தான். வெள்ளையா, சாம்பலா, கண்ணாடி மாதிரி பளபளப்பா என்று நாள் கணக்கில் பேசுவார்கள். பின்னால் எத்தனை மாட்யூல், அதாவது ஒரு சுவிட்ச் பிடிக்கும் அகலத்தில் எத்தனை இடம், எந்த ஆம்பியர், எந்த ஒயர் என்பதையெல்லாம் எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். வரிசையே தலைகீழ். எந்த இடத்தில் என்னென்ன பொருள் ஓடப்போகிறது என்று முதலில் எழுதுங்கள். அதிலிருந்து ஆம்பியர் வரும், ஆம்பியரிலிருந்து மாட்யூல் எண்ணிக்கை வரும், அதிலிருந்து சுவருக்குள் பதிக்கும் பாக்ஸின் அளவு வரும். பிளேட் கடைசி. பிடிக்கவில்லை என்றால் பிளேட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம், பாக்ஸை மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும்.

சமையலறை மேடைக்கு மேல் வரும் ஒரு போர்டை வைத்தே பார்ப்போம், ஏனென்றால் அதிகமாகத் தப்பு நடப்பது அங்கேதான். அங்கே 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1500 வாட் கெட்டில், 750 வாட் மிக்ஸி என்று மூன்று பொருள் இருக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் இண்டக்‌ஷனுக்கு 8.7 ஆம்பியர், கெட்டிலுக்கு 6.5, மிக்ஸிக்கு 3.3. முதல் இரண்டும் 6 ஆம்பியரைத் தாண்டிவிட்டன, அதனால் அவற்றுக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் 16 ஆம்பியர் சுவிட்ச்சும் தேவை. மிக்ஸிக்கு 6 ஆம்பியர் போதும்.

இப்போது மாட்யூல் கணக்கு. சாக்கெட் பொதுவாக 2 மாட்யூல் இடம் எடுக்கும், சுவிட்ச் 1 மாட்யூல் (சில சீரிஸ்களில் 16 ஆம்பியர் சுவிட்ச்சே 2 மாட்யூல் அகலம், அதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள்). மூன்று சாக்கெட்டுக்கு 6, மூன்று சுவிட்ச்சுக்கு 3, மொத்தம் 9. ஆனால் சுவரில் ஏற்கெனவே இருப்பது 8 மாட்யூல் பாக்ஸ், பெரும்பாலான சீரிஸ்களில் அடுத்த அளவு 12. ஒரே ஒரு மாட்யூலுக்காகச் சுவரை வெட்டுவானேன் என்று, இண்டக்‌ஷனுக்கும் கெட்டிலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச் போட்டு 8-க்குள் அடக்கிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடும்போது அந்த ஒரு சுவிட்ச் வழியாக 15.2 ஆம்பியர் போகிறது, கிட்டத்தட்ட அதன் எல்லை வரைக்கும், அதுவும் தினமும். பழைய பாக்ஸைக் காப்பாற்றுவதற்காக இப்படி நெருக்குவதைவிட, பக்கத்தில் தனியாக 3 மாட்யூல் பாக்ஸ் ஒன்று பதித்து, இண்டக்‌ஷனுக்கு என்று தனி லைன் கொண்டுவந்து, அதன் சாக்கெட்டையும் சுவிட்ச்சையும் மட்டும் அதில் வைப்பதுதான் சரி. மீதி 6 மாட்யூல் பழைய 8-இல் தாராளமாக உட்காரும், காலியிடத்துக்கு பிளாங்க் போட்டுக்கொள்ளலாம், நாளைக்கு ஒரு பொருள் கூடினால் அந்த இடம் உதவும்.

தனி லைன் ஏன் என்றால், மூன்றும் ஒன்றாக ஓடினால் 18.5 ஆம்பியர். லோடு கூடினால் லைனைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறதே, அது விழுந்துவிடும் என்று நினைக்கலாம். விழாமலும் போகலாம். எம்.சி.பி. குறிப்பிட்ட ஆம்பியரை லேசாகத் தாண்டியதும் பட்டென்று விழுவது அல்ல. அதன் தரவிதிப்படி 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்பியர் போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் கண்டிப்பாக விழ வேண்டும். 18.5 ஆம்பியரை அது வெகுநேரம் தாங்கிக்கொண்டே இருக்கலாம், அந்த நேரமெல்லாம் ஒயரும் முனைகளும் சூடாகிக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு, அது வெளியே தெரியவே தெரியாது. பல சீரிஸ்களில் 6 ஆம்பியர் சுவிட்ச்சும் 16 ஆம்பியர் சுவிட்ச்சும் முன்பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் 6 ஆம்பியர் சுவிட்ச்சை மாட்டிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. அதில் இண்டக்‌ஷனைப் போட்டால் 8.7 ஆம்பியர் ஓடுகிறது, எம்.சி.பி.யைப் பொறுத்தவரை 16-க்குக் கீழேதானே இருக்கிறது, அது சும்மாவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் 6 ஆம்பியர் தொடுமுனைகள் நாள்தோறும் வெந்துகொண்டிருக்கும். எம்.சி.பி. காப்பது ஒயரை, அதற்குக் கீழே இருக்கும் சின்ன சுவிட்ச்சை அல்ல. அதனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுவிட்ச்சையும் திருப்பி முதுகைப் பாருங்கள். 6A அல்லது 16A என்றும், வோல்ட்டேஜும், ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அங்கே இருக்க வேண்டும். இந்தியாவில் வீட்டு சுவிட்ச்சுக்கான தரம் ஐ.எஸ். 3854, பிளக் சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293. ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது என்றால் அறிகுறிகளைக் கவனியுங்கள்: அடுப்பு அரை மணி நேரம் ஓடியபின் சுவிட்ச்சின் மேல் விரல் வைத்தால் சூடு தெரிவது, ஆன் செய்யும்போது சரசரவென்ற சத்தம், துளையைச் சுற்றி லேசான பழுப்பு, ஏதோ மீன் வாடை போல ஒரு நாற்றம். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பாயிண்டை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இதே தவறின் இன்னொரு வடிவம் 6/16 சாக்கெட். இரண்டு அளவு பிளக்கும் போகுமே என்று வீடு முழுக்க, படுக்கைக்குப் பக்கத்தில்கூட அதையே போடச் சொல்கிறார்கள். வரும் ஒயர் லைட்டுக்குப் போட்ட பழைய 1.5 சதுர மி.மீ. ஒயராக இருந்தால்? பெரிய துளையைப் பார்த்த யாராவது ஒருநாள் அதில் ஹீட்டரைச் செருகத்தான் செய்வார்கள். 16 ஆம்பியர் சாக்கெட் வைக்கும் இடத்துக்கு எம்.சி.பி.கள் இருக்கும் பெட்டியான டி.பி.யிலிருந்தே குறைந்தது 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர் வர வேண்டும், தூரம் அதிகம் என்றாலோ ஏசி, கெய்சர் என்றாலோ 4. வீட்டைப் புதுப்பிக்கும்போது சுவிட்ச்சை மட்டும் புதிதாக்கி ஒயரைப் பழையதாகவே விட்டால், அந்த இடங்களில் 6 ஆம்பியர் சாக்கெட்டே நேர்மையானது. இன்னொன்றும் உண்டு, 6/16 சாக்கெட்டில் சிறிய பின் பெரும்பாலும் அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது, சார்ஜர் தொங்கும். தளர்ந்த பின் என்றால் அங்கேயும் சூடுதான்.

பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சுவரின் மேல் புது டைல்ஸ் ஒட்டினால், கலவையும் சேர்ந்து சுவர் முன்னால் வந்துவிடும், பாக்ஸ் உள்ளே போய்விடும். அப்புறம் ஃபிரேமின் ஸ்குரூ எட்டாது, பிளேட் ஆடும், பிளக்கை இழுக்கும்போதெல்லாம் ஃபிரேமே வெளியே வரும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள். பாக்ஸ், ஃபிரேம், பிளேட், மாட்யூல் எல்லாம் ஒரே சீரிஸாக இருக்கட்டும். ஒரே கம்பெனியின் இரண்டு சீரிஸ்கூடப் பல நேரம் ஒன்றில் ஒன்று பூட்டாது. இரும்பு பாக்ஸ் என்றால் அதற்கு எர்த் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, குழந்தை இருக்கும் வீட்டுக்கான ஷட்டர், சாக்கெட்டின் துளைகளை உள்ளிருந்து மூடும் தடுப்பு. பெட்டியில் "ஷட்டர் உண்டு" என்று போட்டிருந்தால் போதும் என்று வாங்குகிறார்கள். ஷட்டர் எப்படித் திறக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு வகையில், மற்ற இரண்டையும்விட நீளமான எர்த் பின் முதலில் உள்ளே போய் ஷட்டரைத் தள்ளித் திறக்கும். மூன்று பின் பிளக்குக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இரண்டு பின் சார்ஜர் உள்ளே போகாது, உடனே வீட்டில் ஒருவர் எர்த் துளையில் பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ விட்டுத் திறந்து சார்ஜரைச் செருகுவார். பக்கத்தில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், அடுத்த நாள் அதையே செய்து பார்க்கும். இன்னொரு வகையில், ஃபேஸ், நியூட்ரல் இரண்டு துளைகளையும் ஒரே நேரத்தில் சமமாக அழுத்தினால்தான் ஷட்டர் விலகும். இரண்டு பின் பிளக் இதில் நேராகவே போகும், ஒற்றை ஆணியோ ஹேர்பின்னோ போகாது. சார்ஜர் செருகும் தாழ்வான சாக்கெட்டுகளுக்கு இந்த இரண்டாவது வகையையே கேட்டு வாங்குங்கள்.

இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம், மின்சாரம் இல்லாத சாக்கெட்தானே. மெல்லிய ஒரு பின்னையோ டெஸ்டர் முனையையோ முதலில் வலது துளையில் மட்டும் அழுத்துங்கள், பிறகு இடது துளையில் மட்டும். இரண்டிலும் உள்ளே போகக் கூடாது, சாய்த்து அழுத்தினாலும் போகக் கூடாது. அடுத்து இரண்டு பின் பிளக்கைச் செருகி எடுங்கள், எடுத்த உடனே இரண்டு ஷட்டரும் முழுசாகத் திரும்பி மூட வேண்டும். பாதியில் நின்றால் அந்தப் பீஸ் வேண்டாம். 6/16 சாக்கெட் என்றால் சிறிய பின் போகும் இடம், பெரிய பின் போகும் இடம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். வீட்டில் மாட்டிய சாக்கெட்டில் இந்தச் சோதனையைச் செய்வதானால் மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரால் உறுதிப்படுத்திவிட்டு மட்டும்.

ஷட்டர் உள்ள சாக்கெட்டில் பிளாஸ்டிக் மூடியையும் செருகி வைப்பது இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் எர்த் பின் திறக்கும் வகையில் அந்த மூடியில் இருக்கும் எர்த் பின்னே ஷட்டரைத் திறந்துவிடுகிறது. மூடி உடைந்து அந்தப் பின் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால் துளைகள் திறந்தபடியே இருக்கும். பிரிட்டனில் 1947-இலிருந்தே சாக்கெட் தரவிதியில் ஷட்டர் கட்டாயம், அங்கே 2016-இல் சுகாதாரத் துறை தன் கட்டடங்களில் இந்த மூடிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கையே விட்டது.

டி.பி.யில் மின்கசிவைக் கண்டால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, அதனால் ஷட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். ஃபேஸைத் தொட்டு உடல் வழியாகத் தரைக்கு மின்சாரம் கசிந்தால்தான் அது விழும். குழந்தை இரண்டு கையிலும் இரண்டு கம்பியைப் பிடித்து ஃபேஸிலும் நியூட்ரலிலும் விட்டால், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் ஆர்.சி.சி.பி.க்கு அது சாதாரண லோடு மாதிரித்தான் தெரியும், விழாது. அந்த ஒரு விபத்தைத் தடுக்க ஷட்டர் மட்டும்தான் இருக்கிறது, அதனால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒவ்வொரு சாக்கெட்டிலும் சுவிட்ச்சை அணைத்தால் ஃபேஸ்தான் துண்டிக்கப்படுகிறதா, நியூட்ரல் மாறிப் போயிருக்கிறதா என்று வேலை முடிந்த அன்றே எலெக்ட்ரீஷியனை டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எர்த் துளை மேலே இருக்கும்படி முன்னால் நின்று பார்த்தால் ஃபேஸ் வலது பக்கம் இருக்க வேண்டும்.