ஷார்ட்ஸுக்குக் கீழே பேச்சைத் தொடங்கி வைப்பது: பின் கமென்ட்டும் முதல் பதில்களும்

இட்லி மாவு அரைப்பது பற்றி 40 விநாடி ஷார்ட்ஸ் ஒன்று போட்டிருந்தேன். பார்த்தவர்கள் இருந்தார்கள், பேசியவர்கள் யாரும் இல்லை. மேலே நான் பின் செய்து வைத்த கமென்ட்தான் காரணம் என்று புரிய எனக்கு நாலைந்து வீடியோ ஆனது. யூடியூப் ஷார்ட்ஸை வைத்தே சொல்கிறேன். வீடியோ ஏற்றுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கமென்ட்டை முன்பே எழுதி வையுங்கள்

போனில் உள்ள சாதாரண நோட்ஸ் போதும். இதற்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம். வீடியோவை ஷெட்யூல் செய்பவர்கள் கவனிக்க: நேரம் வரும்வரை அது பிரைவேட்டாகத்தான் இருக்கும், அதில் கமென்ட் போட முடியாது. அதனால் வெளியாகும் நேரத்தில் நீங்கள் கையில் போனோடு இருக்க வேண்டும். நான் ராத்திரி 2 மணிக்கு ஷெட்யூல் செய்துவிட்டுத் தூங்கிய கதையெல்லாம் உண்டு.

2. கேள்வியை எழுதுவது

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். முதலில் “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டேன். கைகூப்பும் எமோஜி இரண்டு வந்தது. அடுத்த முறை நேர் எதிராகப் போய், உப்பு மாவு புளிப்பதை மெதுவாக்கும், அதனால் வெயில் காலத்தில் கரைக்கும்போதே போடலாம், குளிரில் புளித்த பிறகு போடலாம் என்று பெரிய பத்தியாக எழுதிப் பின் செய்தேன். தகவல் சரிதான். ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் நானே சொல்லி முடித்துவிட்டால், வந்தவர் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

மூன்றாவது முறை எழுதியது இது:

“உப்பு எப்போ போடுவீங்க? கரைக்கும்போதா, புளிச்ச பிறகா? எந்த ஊர்னும் சொல்லுங்க.”

இதற்கு யாரும் யோசிக்கவே வேண்டாம். ஒரே வார்த்தையில் பதில் போடலாம். அவரவர் வீட்டுப் பழக்கம் என்பதால் தப்பான பதிலும் கிடையாது. ஊரைக் கேட்டதுதான் நன்றாக வேலை செய்தது. ஊட்டிக்காரரும் மதுரைக்காரரும் எதிரெதிராகச் சொல்ல, காரணம் என்ன என்று அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு வரிக்குள் நிறுத்துங்கள். நீளமாகப் போனால் பாதி மடிந்துவிடும், அதைத் திறந்து படிப்பவர் குறைவு.

எழுதியதும் அதன் மூன்று புள்ளியைத் தொட்டு `Pin` கொடுங்கள்.

3. முதல் பதில்கள்

“நன்றி சகோ” என்று போட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்கு ஒரு ஹார்ட் போதும். அவர் சொன்னதிலிருந்து ஒன்றைப் பிடித்துத் திருப்பிக் கேளுங்கள். ஒருவர் “புளிச்ச பிறகுதான்” என்று மட்டும் போட்டிருந்தார். நான் எழுதியது:

“மே மாசத்துலயுமா? எங்க வீட்டுல உப்பு போடாம வச்சா விடியறதுக்குள்ள பாத்திரத்தை விட்டு வழிஞ்சிடும்!”

அவர் திரும்பி வந்து, பாதி அளவு மட்டும் ஊற்றி வைப்பதாகவும் கீழே ஒரு தட்டு வைப்பதாகவும் எழுதினார். இன்னொருவர் நடுவில் புகுந்து, ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் வெளியே எடுப்பதாகச் சொன்னார். பின் கமென்ட்டில் போட்டு வீணாக்கிய என் அனுபவத்தை இப்படித் துண்டு துண்டாகப் பதில்களில் விடுவதுதான் சரி என்பது என் கட்சி. எல்லாருக்கும் பதில் போடத் தேவையில்லை, முதலில் வரும் ஐந்தாறு பேருக்குப் போட்டாலே போதும்.

நண்பர்களை வைத்துப் பொய்யாகச் சண்டை போட வைக்கும் யோசனையும் எனக்கு வந்தது. செய்யாதீர்கள், பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

4. ஒருவரும் பேசவில்லை என்று தோன்றினால்

உடனே கேள்வியை மாற்றாதீர்கள். கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து கமென்ட் பகுதியில் `Held for review` பாருங்கள். எனக்கு ஒரு முறை நல்ல பதில்களாக ஐந்து அங்கே மாட்டிக்கொண்டிருந்தன. போட்டவர்களோ நான் கண்டுகொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு சேர்த்தது: படித்தவர்கள் கேட்டவை.

முழு வீடியோவின் லிங்க்கைப் பின் கமென்ட்டில் போடலாமா? போடலாம், ஆனால் தொட்டால் திறக்காது. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸ் கமென்ட்டில் லிங்க் வேலை செய்வதில்லை. ஸ்டூடியோவில் `Related video` வழியாக இணையுங்கள்.

பார்வையாளர் ஒருவரின் கமென்ட்டைப் பின் செய்தால்? யூடியூபில் ஒன்றைத்தான் பின் செய்ய முடியும், உங்களுடையது இறங்கிவிடும். இன்ஸ்டாகிராமில் மூன்று வரை முடியும்.

வீடியோவில் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், கேள்வியை எங்கே வைப்பது? திருத்தத்தைப் பின் செய்யுங்கள், கேள்வியை அதன் கடைசி வரியாக வையுங்கள். எனக்கும் இது நடந்தது. நாலுக்கு ஒன்று என்று சொல்ல வேண்டிய அரிசி, உளுந்து அளவை மாற்றிச் சொல்லிவிட்டேன். அந்த வீடியோவில்தான் கமென்ட் அதிகம், பாதி திட்டு.