வில்லங்கச் சான்றிதழில் வராத பதிவுகள்: இடம் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் இடம் வாங்கப் போகிறவர்கள் பலர் வில்லங்கச் சான்றிதழின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காகிதம் இடம் சுத்தமானது என்று யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. குறிப்பிட்ட கிராமத்தின் குறிப்பிட்ட சர்வே நம்பருக்கு, நீங்கள் கேட்ட தேதியிலிருந்து கேட்ட தேதி வரை, சார்பதிவாளர் அலுவலகத்தின் அட்டவணையில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதில் இருக்கும். கேள்வியைத் தப்பாகக் கேட்டால் பதிலும் தப்பாகத்தான் வரும். விற்பவர் கையில் கொடுக்கும் ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றிதழில், கேள்வியைக் கேட்டவரும் அவரே என்பதை மறக்கக் கூடாது.

எப்படித் தவறு நடக்கிறது என்பதை ஒரு கற்பனை இடத்தை வைத்துப் பார்ப்போம். ஊருக்கு வெளியே 30 சென்ட் புஞ்சை, சர்வே நம்பர் 48/3C. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. 2012 முதல் இன்று வரைக்குமான ஈசி ஒன்றைக் கொடுக்கிறார். அதில் ஒரு பதிவும் இல்லை.

முதலில் உறுத்த வேண்டியது அந்த வெறுமைதான். 48/3C என்ற உட்பிரிவு எப்போது உண்டானது என்று கேளுங்கள். 2018-இல் ஒரு பகுதியை விற்று, அடுத்த வருடம் தாலுகா அலுவலகத்தில் உட்பிரிவு செய்து, 48/3 என்பது 3A, 3B, 3C என்று பிரிந்திருந்தால், அதற்கு முந்தைய பத்திரங்கள் எல்லாம் 48/3 என்ற தாய் எண்ணில்தான் அட்டவணையில் இருக்கும். 3C என்று மட்டும் தேடினால் அவை கண்ணில் படாமலே போகலாம். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திலும் ஏராளமான எண்கள் மாறின. டவுனில் நகர சர்வே எண் வந்த இடங்களிலும் இதே கதைதான். அதனால் சிட்டா, அ-பதிவேடு, பழைய பத்திரங்கள் மூன்றையும் வைத்து, இந்த மண்ணுக்கு இதுவரை இருந்த எல்லா எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். tnreginet.gov.in தளத்தில் ஒரே தேடலில் பல சர்வே எண்களைச் சேர்க்க முடியும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. எனவே விற்பவர் தந்ததை நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள்.

அப்புறம் காலம். 13 வருட ஈசி போதும் என்று புரோக்கர்கள் சொல்வார்கள். குறைந்தது 30 வருடம் பார்க்க வேண்டும். ஒரு காரணம், அடமானத்தை மீட்கக் கேட்டு வழக்குப் போட லிமிடேஷன் சட்டம் 30 வருடம் தருகிறது. இன்னொன்று, சொத்து ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போன இடம் அந்த முப்பது வருடத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். சிக்கல் இருப்பதே அங்குதான். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடி வாங்க வேண்டும். கிராமம் இடையில் வேறு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய வருடங்களுக்குப் பழைய அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

சரி, இப்போது 1990 முதல், 48/3-யும் சேர்த்துப் போடுகிறோம். ஐந்தாறு பதிவுகள் வருகின்றன. 1994-இல் ஒரு பெரியவர் 1 ஏக்கர் 20 சென்ட் கிரையம் வாங்குகிறார். 2003-இல் அவரே ஒரு கூட்டுறவு வங்கிக்கு அடமானம் எழுதிக் கொடுக்கிறார். 2008-இல் அவருடைய மகன், முழு 1 ஏக்கர் 20 சென்டையும் தன் மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதுகிறார். இந்தப் பேரன்தான் இன்று உங்களிடம் விற்பவர். 2011-இல் பேரன் 60 சென்ட் விற்கிறார். 2014-இல் மீதி 60 சென்டுக்கு ஒருவருடன் கிரைய உடன்படிக்கை பதிவு செய்கிறார். 2018-இல் 40 சென்டை வேறொருவருக்கு விற்கிறார்.

இதை மேலிருந்து கீழே படித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் தெரியும். கீழிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு பதிவிலும் 'எழுதிக் கொடுத்தவர்' யாரோ, அவர் அதற்கு முந்தைய ஏதாவது ஒரு பதிவில் 'எழுதி வாங்கியவர்' ஆக இருக்க வேண்டும். 2018-இல் எழுதிக் கொடுத்த பேரன், 2008-இல் எழுதி வாங்கியிருக்கிறார். சரி. 2008-இல் எழுதிக் கொடுத்த மகன் எந்தப் பதிவில் வாங்கினார்? எதிலும் இல்லை. ஈசியில் கவலைப்பட வேண்டிய இடங்களில் பெரியது இதுதான். யாரும் இந்த இடைவெளியைச் சிவப்பில் கோடு போட்டுக் காட்ட மாட்டார்கள்.

பெரும்பாலும் பதில், பெரியவர் இறந்துவிட்டார் என்பதாக இருக்கும். மரணத்தால் சொத்து கைமாறுவதற்குப் பத்திரம் தேவையில்லை, அதனால் ஈசியில் வராது. ஆனால் பெரியவருக்கு வேறு யார் இருந்தார்கள்? இந்து குடும்பம், பெரியவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய சொத்து, உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் உயிரோடு இருந்தால் நான்கு பேருக்கும் சம பங்கு. 120 சென்டில் அந்த மகனுக்கு உரியது 30 சென்ட், அதுவும் பிரிக்கப்படாத பங்கு. அவர் 120 சென்டையும் செட்டில்மெண்ட் எழுதியிருக்கிறார். பேரன் 2011-இல் விற்ற 60 சென்டே அவருக்கு வந்திருக்கக்கூடிய பங்கைத் தாண்டிவிட்டது. இப்போது உங்களிடம் காட்டும் 30 சென்ட் அத்தையுடையதாகவோ சித்தப்பாவுடையதாகவோ இருக்கலாம்.

இதற்கு வேறு விளக்கமும் இருக்கலாம். பெரியவர் இந்த மகனுக்கே உயில் எழுதி வைத்திருக்கலாம். உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. பதிவு செய்தாலும் அது சார்பதிவாளர் அலுவலகத்தின் 3-ஆம் பதிவுப் புத்தகத்துக்குப் போகும், ஈசி எடுக்கப்படுவது 1-ஆம் புத்தகத்திலிருந்து. மற்ற வாரிசுகள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தாலோ, பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தாலோ அது ஈசியில் இருந்தாக வேண்டும். இங்கே இல்லை. ஆக, 2008 செட்டில்மெண்டின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி, சொத்து தனக்கு எப்படி வந்தது என்று மகன் அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உயில் இருந்தால் உயிலின் மூலம், எல்லாவற்றையும் கேளுங்கள். 'எல்லாரும் பங்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க, பிரச்சனை வராது' என்ற வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. பட்டா இவர் பெயரில் இருக்கிறது என்பதும் பதிலாகாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு, அத்தையின் பங்கை அது அழிக்காது. மற்ற வாரிசுகள் விற்பனைப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட வருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு விற்பவர் முகம் மாறினால் உங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

அடுத்து 2003 அடமானம். அதைத் தீர்த்ததற்கு எதிர்ப்பதிவு ஒன்று இருக்க வேண்டும். ஈசியில் அது 'ரசீது' என்ற தன்மையில் வரும். இந்த வரிசையில் ரசீது இல்லை. கடன் எப்போதோ கட்டி முடிந்திருக்கலாம், ரசீது பதிய மட்டும் மறந்திருக்கலாம். கிராமத்தில் இது சர்வ சாதாரணம். ஆனாலும் வங்கியிலிருந்து கடன் நிலுவை இல்லை என்ற கடிதம் மட்டும் போதாது, ரசீதைப் பதிவு செய்து தந்த பிறகே கிரையம் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் செலவும் அலைச்சலும் விற்பவருடையது.

பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் ஒப்படைப்பு விஷயத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. தமிழ்நாட்டில் அந்த ஒப்படைப்பு உடன்படிக்கையைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் 1 முதல்தான் கட்டாயம் ஆனது. அதற்கு முன் பத்திரம் வங்கி லாக்கருக்குப் போயிருந்தால் ஈசியில் தடயமே இருக்காது. இதற்கு ஒரே சோதனை, மூலப் பத்திரங்களை நேரில் கையில் வாங்கிப் பார்ப்பது. 'தொலைந்துவிட்டது, நகல்தான் இருக்கிறது' என்றால், எங்கே அடகில் இருக்கிறது என்ற சந்தேகம் வந்தே ஆக வேண்டும்.

2014 உடன்படிக்கையைப் பலர் காலாவதி என்று தள்ளிவிடுவார்கள். உடன்படிக்கைப்படி கிரையம் கேட்டு வழக்குப் போட, கிரையத்துக்கு என்று குறித்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் என்பது உண்மை. ஆனால் அந்த ஆள் 2016-இலேயே வழக்குப் போட்டிருந்தால்? தமிழ்நாட்டில் நிலுவையில் உள்ள சிவில் வழக்கைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈசியில் அது தெரியாமலே இருக்கலாம், ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும். மேலும் 60 சென்டுக்கு உடன்படிக்கை போட்டுவிட்டு அதிலிருந்தே 40 சென்டை வேறொருவருக்கு விற்றிருக்கிறார். உடன்படிக்கையை ரத்து செய்த பத்திரம் இரண்டு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ecourts.gov.in தளத்தில் விற்பவர் பெயர், அவர் அப்பா பெயர் இரண்டையும் போட்டு அந்த மாவட்ட நீதிமன்றங்களில் தேடுங்கள்.

இனி ஒரு கூட்டல் கணக்கு. மொத்தம் 120 சென்ட். 60 விற்றாகிவிட்டது, பிறகு 40. மீதி 20. உங்களிடம் விற்பது 30! சொத்து விவரப் பகுதியில் ஒவ்வொரு பதிவிலும் விஸ்தீரணம் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக் கழித்துக்கொண்டே வந்தால் இரண்டு நிமிடத்தில் இது பிடிபடும். அளவு ஏக்கர், சென்ட், ஹெக்டேர், சதுர அடி என்று மாறி மாறி வருவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று வைத்து எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வரிசையில் பொது அதிகாரப் பத்திரம் இருந்தால், அதை வைத்து எழுதிய கிரையத்தின் தேதியன்று அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, அதற்கு முன் அதிகாரத்தை ரத்து செய்தாரா என்று பாருங்கள். பழைய பவர் பத்திரங்கள் பல 4-ஆம் புத்தகத்தில் பதிவானவை, அவை ஈசியில் வராது.

எல்லாம் சரியாக இருந்து அட்வான்ஸ் கொடுத்தாலும், பத்திரப் பதிவுக்கு முந்தைய நாள் ஈசியை மறுபடி எடுங்கள். நடுவில் உள்ள இரண்டு மாதத்தில் ஒரு அடமானமோ இன்னொரு உடன்படிக்கையோ ஏறியிருக்கலாம். பதிவு முடிந்து சில நாள் கழித்து, இந்த முறை உங்கள் சொந்தப் பத்திரத்துக்காக, ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரும் சர்வே நம்பரும் உட்பிரிவும் அட்டவணையில் சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்து, பிழை இருந்தால் உடனே சார்பதிவாளரிடம் திருத்த மனு கொடுங்கள்.