டிராயரில் கிடைத்த கண்ணாடி எந்த வகை?

மயிலாப்பூர் வீட்டு டிராயரில் தாத்தாவின் கண்ணாடி கிடைத்தது. வெறுமனே மேசையில் வைத்துப் படம் எடுத்தால் லென்ஸ் வகை தெரியாது. செய்தித்தாளுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, நேர் மேலிருந்து எடுங்கள். லென்ஸ் வழியே எழுத்து பெரிதாகத் தெரிந்தால் பிளஸ், சிறிதாகத் தெரிந்தால் மைனஸ்.

தாத்தாவுடையதில் எழுத்து பெரிதாகத் தெரிந்தது, கீழே அரைவட்டக் கோடும் இருந்தது. அப்படியென்றால் ஒரே லென்ஸில் இரண்டு பவர் உள்ள பைஃபோகல். கோடே இல்லாமல் கீழே போகப்போக எழுத்து பெரிதானால், அநேகமாக பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ்.

ஃபிரேமின் மேல்பாதி தடித்த பிளாஸ்டிக், கீழே மெல்லிய கம்பி. இதற்குப் பெயர் பிரவ்லைன், 1950களில் பிரபலமானது. கீழே கம்பிக்குப் பதில் நைலான் இழை இருந்தால் அது அரை ஃபிரேம்.

சரியான பவரைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கடையில் லென்சோமீட்டரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.