கடலோர வீட்டில் கம்பி துருப்பிடிப்பது: கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் நடக்கும் தவறுகள்

கடற்கரையை ஒட்டிய வீடுகளில் பெரும்பாலும் முதலில் உதிர்வது சன்ஷேடும் பால்கனியின் அடிப்பக்கமும்தான். காங்கிரீட் பாளமாகப் பெயர்ந்து விழும். உள்ளே கம்பி செதில் செதிலாகத் தெரியும். "உப்புக்காத்து, என்ன பண்றது" என்று பழியைக் காற்றின்மேல் போட்டுவிடுகிறார்கள். உப்பு வருவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அது கம்பியைத் தொடுவதற்கு எத்தனை வருடம் ஆகும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

நல்ல காங்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அதன் pH 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகி, துருவிடாமல் காக்கிறது. காற்றில் வரும் உப்பின் குளோரைடு சுவரில் படிந்து, ஈரத்தோடு நுண்துளைகள் வழியே மெல்ல உள்ளே நகர்கிறது. கம்பியருகே அது போதுமான அளவு சேர்ந்ததும், காரத்தன்மை குறையாமல் இருந்தாலும்கூட, படலத்தை அங்கங்கே ஓட்டை போடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டை வெடிக்க வைக்கிறது.

ஆகவே கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கும் காங்கிரீட்டின் கனம், அதாவது கவரிங், எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. தூரம் இரட்டிப்பானால் உப்பு வந்து சேரும் காலம் ஏறக்குறைய 4 மடங்காகிறது. 20 மி.மீ. கவரிங்கைக் கடக்க 8 வருடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதே காங்கிரீட்டில் 40 மி.மீ. கடக்க 32 வருடம் ஆகும். உப்புக்காற்று நேரடியாகப் படாமல் மறைந்திருக்கும் பாகங்களுக்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை IS 456:2000 கேட்பது 30 மி.மீ. கவரிங், M25 தரக் காங்கிரீட். கடலோரச் சூழலுக்கு நேரே திறந்திருக்கும் பாகங்களுக்கு 45 மி.மீ., M30. கடல் தெறிப்பு படும் இடம் என்றால் 50 மி.மீ., M35. உள்ளூரில் வழக்கமாகத் தளத்துக்கு விடும் 20 மி.மீ. இங்கே எதற்கும் போதாது.

கவரிங் பற்றிப் பேசினால் எல்லோரும் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் வைக்கும் கவர் பிளாக்கைத்தான் நினைக்கிறார்கள். தவறு அதற்கு முன்பே, மெயின் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை வெட்டும்போதே நடந்துவிடுகிறது. 9 அங்குல பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 230 மி.மீ. இருபுறமும் 45 மி.மீ. வேண்டுமென்றால் ரிங்கின் வெளி அகலம் 140 மி.மீ.தான் இருக்க முடியும். கம்பி கட்டுபவர் பழக்கப்படி 25 மி.மீ. விட்டு 180 மி.மீ. அகலத்துக்கு ரிங் வளைத்துவிட்டால், 45 மி.மீ. பிளாக் உள்ளேயே போகாது. அப்புறம் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூண்டைப் பலகையோடு ஒட்டி நிறுத்துவார்கள். கவரிங் அளக்க வேண்டியது ரிங்கின் வெளிவிளிம்பிலிருந்துதான், மெயின் கம்பியிலிருந்து அல்ல. முதலில் துருப்பிடிப்பதே ரிங்தான்.

ரிங் சிறியதானால் உள்ளே கம்பிக்கு இடம் குறையும் என்பதையும் பார்க்க வேண்டும். 140-இல் 8 மி.மீ. ரிங்கின் இரு பக்கமும் போக மீதி 124. அதில் 16 மி.மீ. கம்பி 3 வைத்தால் இடைவெளி ஒவ்வொன்றும் 38 மி.மீ.; 20 மி.மீ. ஜல்லி இறங்கும். 4 வைத்தால் இடைவெளி 20 ஆகிவிடும். ஜல்லி சிக்கி, அடியில் கலவை நிரம்பாமல் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். நாலாவது கம்பியை இரண்டாம் வரிசையில் வைக்கலாமா, பீமை அகலமாக்கலாமா என்பதை வரைபடத்திலேயே வடிவமைப்புப் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கட்டுக்கம்பியின் முனைகளையும் உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். பலகையைத் தொட்டு நிற்கும் ஒரு முனை போதும், துரு உள்ளே போகப் பாதை கிடைத்துவிடும். பூச்சு கனமாக இருக்கிறதே என்று அதையும் கவரிங் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த தவறு தண்ணீரில். திறந்த பாகங்களுக்குத் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு அது 22.5 லிட்டர், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. கலவை ஓடவில்லை என்று அரை வாளி கூட ஊற்றினால், அந்த மிகுதித் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் உப்பு வரும் வழியாகிவிடும். ஓட்டம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் சேர்க்க வேண்டும். கடலோரத்து போர் தண்ணீரையும் பரிசோதிக்காமல் விடக் கூடாது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு, கியூரிங்குக்கு உப்பு போர் தண்ணீரை அடிப்பதும் உண்டு. வெளியிலிருந்து வர வருடங்கள் பிடிக்கும் உப்பை முதல் வாரத்திலேயே நாமே ஊட்டுகிற வேலை அது.

மூன்றாவது தவறு பழுதுபார்ப்பதில் நடக்கிறது. அதிகப் பணம் வீணாவதும் இதில்தான். உதிர்ந்த இடத்தை மட்டும் தட்டி, கம்பியில் பிரஷ் போட்டு, சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். ஓரிரு வருடத்தில் அந்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். வேலை சரியில்லை என்று நினைப்போம். உண்மையில், துருப்பிடித்த பகுதி அதுவரை பக்கத்துக் கம்பிக்குக் காவலாக இருந்தது. தான் கரைந்து மற்றதைக் காத்தது. அதைப் புதுக் கலவையால் மூடியதும் காவல் போய்விடுகிறது. பக்கத்துப் பழைய காங்கிரீட்டிலும் உப்பு நிறைந்திருப்பதால் அங்கே கம்பி கரையத் தொடங்குகிறது.

அதனால் பூசும் முன் உப்பு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் வெற்றொலி வரும் இடங்கள் பிரிந்து நிற்பவை, சாக்பீஸால் குறியிடுங்கள். ஒலி நன்றாக இருக்கும் இடத்திலும் துளையிட்டு 0–20, 20–40, 40–60 மி.மீ. ஆழங்களின் பொடியைத் தனித்தனியாக எடுத்துக் குளோரைடு சோதனைக்கு அனுப்புங்கள். கம்பி ஆழத்தில் சிமெண்ட் எடையில் 0.4 விழுக்காட்டை நெருங்கினால் அந்தக் காங்கிரீட்டையும் எடுக்க வேண்டும். பினால்ப்தலீன் தெளித்து இளஞ்சிவப்பாக வந்ததும் நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது காரத்தன்மையை மட்டுமே காட்டும், உப்பைக் காட்டாது.

உடைக்கும்போது முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியின் முகத்தோடு நிறுத்தாமல் பின்னாலும் விரல் நுழையும் அளவு, 20–25 மி.மீ., குடைய வேண்டும். பின்பக்கத் துரு அப்படியே இருந்தால் முன்பக்கம் பளபளப்பதால் பயனில்லை. நீளவாக்கில் சுத்தமான கம்பி வரும் வரை போங்கள். குழிகளில் தங்கிய உப்பு போக நல்ல தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி உலர்த்துங்கள். பிறகு விட்டத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். 10 மி.மீ. கம்பி 8 ஆகியிருந்தால் வெறும் 2 மி.மீ. போனதாகத் தோன்றும், பரப்பளவில் அது 78.5-லிருந்து 50.3 சதுர மி.மீ. ஆகியிருக்கும், 36 விழுக்காடு இழப்பு. அங்கே புதுக் கம்பி சேர்க்காமல் மூடக் கூடாது. துத்தநாக பிரைமர், பாலிமர் கலவை எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒட்டின் ஓரங்களில் சிறு துத்தநாக ஆனோடுகளைக் கம்பியோடு கட்டினால், இழந்த காவலை அவை சில வருடங்களுக்கு ஏற்கும்.

வெளியே நீளும் பால்கனிக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அதைத் தாங்கும் கம்பி மேல்பக்கத்தில், டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கம் அழகாக இருந்தாலும், சுவரை ஒட்டிய கோட்டில் டைல்ஸ் இணைப்பு நீளமாகப் பிளந்தால் பூந்தொட்டிகளையும் ஆட்களையும் அங்கிருந்து அகற்றி, கீழே முட்டுக் கொடுத்த பிறகே டைல்ஸைப் பெயர்த்துப் பாருங்கள்.