துவைத்துப் பார்த்ததும் துவைக்கப் பார்த்ததும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதுவது மெர்ச்சண்டைசரின் வேலை. சாம்பிள் என்ன ஆச்சு என்று கட்டிங் மாஸ்டர் வந்து வாயால் சொல்வார், இவர் அதை ஆங்கிலத்தில் அடிப்பார். மாஸ்டர் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சாம்பிளைத் தொவைச்சுப் பாத்துட்டமுங்க. செவப்புச் சாயம் வெள்ளைக் கோட்டுல ஒட்டிக்கிச்சு. சாயப்பட்டறைல நேத்தே சொல்லிப்போட்டேன். பொதங்கெழமைக்குள்ள வேற துணில தெச்சுக் குடுத்துர்றமுங்க.”

துவை, ஒட்டு, சொல், தை என்ற நான்கும்தான் இதில் நடந்த அல்லது நடக்கப்போகிற வேலைகள். அவற்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் பார், விடு, கொள், போடு, கொடு ஆகிய ஐந்தும் துணைவினைகள். இங்கே யாரும் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, எதையும் கீழே போடவில்லை. வேலை முடிந்ததா, சோதனைக்காகச் செய்ததா, யாருக்காகச் செய்வது என்பதைத்தான் இந்த ஐந்தும் சொல்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கென்று தனி வினை வரிசை கிடையாது. அது ஒரு சமயம் காலத்தில் காட்டும், ஒரு சமயம் ‘ஃபார்’, ‘பை’ போன்ற சின்னச் சொல்லில் காட்டும், ஒரு சமயம் முதன்மை வினையையே மாற்றிவிடும், பல சமயம் எதையும் காட்டாது. தமிழ்ச் சொல்லுக்குப் பதில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போகும்போதுதான் தவறு வருகிறது.

இந்த மெயிலில் பெரிய ஆபத்து முதல் வாக்கியத்தில் இருக்கிறது. ‘பார்’ என்றால் முயற்சி என்று பள்ளியில் படித்த நினைப்பில் பலர் “வீ ட்ரைட் டு வாஷ் தி சாம்பிள்” என்று எழுதுவார்கள். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் படிக்கிறவர், துவைக்க முயன்றார்கள், ஏதோ காரணத்தால் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்வார். ஒரு சட்டையைத் துவைக்கக்கூட முடியவில்லையா என்று பதில் கேள்வி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

‘செய்து’, ‘செய’ என்று இலக்கண வகுப்பில் இரண்டு வாய்பாடுகள் படித்திருப்போம். அவை இங்கே உதவும். ‘துவைத்துப் பார்த்தோம்’ என்பது ‘செய்து’ வகை. துவைத்தது நிஜமாக நடந்தது, என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வதற்காக நடந்தது. ‘துவைக்கப் பார்த்தோம்’ என்பது ‘செய’ வகை. துவைக்க நினைத்தோம், கை வைத்தோம், நடக்கவில்லை. ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. “ட்ரைட் வாஷிங்” என்பது முதலாவதுக்கு அருகில் வரும், “ட்ரைட் டு வாஷ்” பெரும்பாலும் இரண்டாவதுக்கு. ஆனால் உண்மையில், ‘செய்து பார்’ வரும் இடங்களில் ஆங்கிலம் ‘ட்ரை’ என்ற சொல்லையே பெரும்பாலும் தேடாது, சோதனையைக் குறிக்கும் வினையை நேராகப் போட்டுவிடும். சட்டையைப் போட்டுப் பார்த்தால் “ட்ரை ஆன்”, குழம்பைச் சாப்பிட்டுப் பார்த்தால் “டேஸ்ட்”, கணக்கைக் கூட்டிப் பார்த்தால் “செக்”. கேட்டுப் பார்த்தால் வெறும் “ஆஸ்க்” போதும். மாஸ்டரின் வாக்கியத்துக்கு “வீ ஹேவ் வாஷ்-டெஸ்டட் தி சாம்பிள்” என்பதுதான் சரி.

‘செய’ வகையில் இன்னொரு பொறி உண்டு. ‘கல் தடுக்கிப் பையன் விழப் பார்த்தான்’ என்றால் விழுவதற்கு யாரும் முயற்சி செய்யவில்லை. அங்கே “ட்ரைட் டு ஃபால்” சிரிப்பு மூட்டும், “நியர்லி ஃபெல்” என்று எழுத வேண்டும்.

‘சாயப்பட்டறையில் பேசிப் பார்க்கிறோம்’ போன்றதற்கு “டாக் அண்ட் சீ” என்று எழுதுவதைச் சிலர் அடியோடு தவறு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. “வீ வில் டாக் டு தெம் அண்ட் சீ இஃப் தே கேன் ரீடை” என்று எதைப் பார்க்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தால் அது நல்ல ஆங்கிலம்தான். ‘அண்ட் சீ’ என்று அந்தரத்தில் நிறுத்துவதுதான் நம் ஊர் வாசனை. “வீ வில் ட்ரை டு டாக்” என்பது அதைவிட மோசம், பட்டறைக்காரர் போனையே எடுக்க மாட்டார் போலிருக்கிறது என்று தோன்றும்.

அடுத்தது விடு. இதை ‘ஹேவ்’ சேர்த்த காலத்தோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ‘பார்த்துவிட்டோம்’ என்ற இடத்தில் அது சரியாகவே பொருந்துகிறது, ஏனென்றால் எப்போது என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் விடுவின் வேலையைப் ‘போடு’ செய்கிறது, கூடவே ‘நேத்தே’ வந்துவிட்டது. முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் வந்தால் ஆங்கிலம் ‘ஹேவ்’ போடாது. “ஐ ஹேவ் டோல்ட் தெம் யெஸ்டர்டே” என்பது கோவை, திருப்பூர் மெயில்களில் தினமும் கண்ணில் படும் பிழை. “ஐ டோல்ட் தெம் யெஸ்டர்டே” என்றால் போதும். அப்படியானால் ‘விடு’ எங்கே போயிற்று என்று கேட்கலாம். எங்கும் போகவில்லை, யெஸ்டர்டே என்றாலே காரியம் முடிந்தது தெரிந்துவிடுகிறது.

இந்தப் பிழையைத் திருத்தப் போய் சிலர் “ஐ ஹேட் டோல்ட் தெம் யெஸ்டர்டே” என்று எழுதுவார்கள். ‘ஹேட்’ வர வேண்டுமென்றால், கடந்த காலத்திலேயே வேறொன்று நடப்பதற்கு முன் இது நடந்திருக்க வேண்டும். ‘நீங்கள் மெயில் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தேன்’ என்பதற்கு ஹேட் பொருந்தும். சும்மா நேற்று சொன்னதற்குப் பொருந்தாது.

‘நேத்தே’ என்பதில் இருக்கும் ஏகாரத்தை ‘ஆல்ரெடி’ என்று எழுதலாமா? எழுதலாம், ஆனால் நேற்றை விட்டுவிட வேண்டும்: “ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் தெம்.” ஒரு எச்சரிக்கை. “ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ” என்று பையரிடமே சொன்னால், எத்தனை தடவை சொல்வது என்ற எரிச்சல் அதில் தொனிக்கும். ‘சொல்லிப்போட்டனுங்க’ என்பதில் உள்ள பணிவு அதில் துளியும் வராது.

எதிர்மறையில் இந்தப் பொருத்தம் முழுசாகவே உடைகிறது. ‘இன்னும் அனுப்பவில்லை’ என்பதில் விடு இல்லவே இல்லை. ‘அனுப்பிவிடவில்லை’ என்று யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் “வீ ஹேவன்ட் சென்ட் இட் யெட்” என்று ஹேவ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் விடு இருந்தால் ஹேவ், இல்லாவிட்டால் இல்லை என்ற சூத்திரம் இரண்டு பக்கமும் ஓட்டை.

எதிர்காலத்தில் விடு என்பது உறுதிமொழி. ‘புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுகிறோம்’ என்பதற்கு “வி ஆர் கிவிங்” என்று எழுதினால் தமிழ் நிகழ்காலம் அப்படியே வந்துவிட்டது என்று பொருள். ‘வில்’ போட வேண்டும். ‘குள்’ என்பதற்கு நாள், மணியோடு ‘பை’ வர வேண்டும்: “பை வெட்னஸ்டே.” ‘வித்தின்’ என்பது கால அளவோடுதான் வரும், இரண்டு நாளுக்குள் என்றால் “வித்தின் டூ டேஸ்.” ‘பை’ வந்துவிட்டாலே விடுவின் வேலை பாதி நடந்துவிடும்.

மாஸ்டர் ‘சொல்லிப்போட்டேன்’ என்றாரே, அது கொங்குப் பேச்சு. பொதுத்தமிழில் போடு துணைவினையாக வந்தால் அசட்டையோ வேகமோ கலந்திருக்கும். ‘கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான்’ என்றால் மூடவேண்டும் என்ற அக்கறை இல்லாமல் போனான் என்று குறை சொல்கிறோம், அதற்கு “லெஃப்ட் தி டோர் ஓப்பன்” சரி. ஆனால் கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் ‘சாப்பிட்டுப்போட்டு வர்றனுங்க’ என்பதில் எந்த அசட்டையும் இல்லை, அது வெறும் விடுதான். வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டு, மாஸ்டர் பட்டறைக்காரரிடம் ஏதோ கடுமையாகப் பேசியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வதுண்டு. பாவம், அவர் பதமாகத்தான் சொல்லியிருப்பார்.

பேச்சில் இன்னொரு குழப்பம் ‘ட்டு’. ‘மாஸ்டர் பேசிட்டு இருக்காரு’ என்பதில் இருப்பது ‘பேசிக்கொண்டு’. ‘பேசிட்டு வர்றாரு’ என்பதில் பெரும்பாலும் ‘பேசிவிட்டு’. முதலாவது “ஹி இஸ் டாக்கிங்”, இரண்டாவது “ஹி வில் கம் ஆஃப்டர் டாக்கிங்”. பின்னால் ‘இரு’ வந்தால் கொண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கொள் என்றால் தனக்காக, தன் நன்மைக்காக என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை நம்பி ‘சாயம் ஒட்டிக்கொண்டது’ என்பதில் ‘இட்செல்ஃப்’ தேட வேண்டாம். சாயத்துக்கு என்ன நன்மை? அங்கே கொள் காட்டுவது, யாரும் செய்யாமல் தானாக ஆகிப் பிடித்துவிட்டது என்பதை. “தி ரெட் ஹேஸ் ப்ளெட் இன்டு தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்” என்று எழுதினால் ஆங்கில வினைக்குள்ளேயே அது அடங்கிவிடுகிறது. மனிதர் செய்வதில் ஆங்கிலம் ‘கொள்’ என்பதைப் பெரும்பாலும் ‘மை’, ‘யுவர்’ என்பதில் காட்டும். ‘கையை வெட்டிக்கொண்டேன்’ என்பது “ஐ கட் மை ஹேண்ட்.” அதே அச்சில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்பதை “ஐ கட் மை ஹேர்” என்று வார்த்தால் நீங்களே கத்தரியைப் பிடித்தீர்கள் என்றாகும். சலூனில் உட்கார்ந்து வந்திருந்தால் “ஐ ஹேட் மை ஹேர் கட்.” கட்டிங் மாஸ்டர் விரலை வெட்டிக்கொண்டதற்கும் அவர் முடி வெட்டிக்கொண்டதற்கும் தமிழில் ஒரே வினை, ஆங்கிலத்தில் இரண்டு கட்டுமானம்.

மிச்சமிருப்பது கொடு. ‘தைத்துக் கொடுக்கிறோம்’ என்பது “ஸ்டிட்ச் அண்ட் கிவ்” ஆகிவிடுவதை எல்லா அலுவலகத்திலும் பார்க்கலாம். பிறருக்காகச் செய்வது என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபார்’ போதும். கொடு துணைவினையா, நிஜமாகக் கையில் கொடுப்பதா என்று தெரியாவிட்டால் நடுவில் ஒரு ‘அப்புறம்’ செருகலாம். ‘சாம்பிளை மடித்து, அப்புறம் கூரியர் பையனிடம் கொடு’ என்று பொருள் கெடாமல் நின்றால் அது நிஜக் கொடு, ‘கிவ்’ வரலாம். ‘பாப்பாவுக்குக் கணக்கு சொல்லி, அப்புறம் கொடு’ நிற்கவில்லை, ஆகவே துணைவினை. அங்கே ‘ஃபார்’ கூட வேண்டியதில்லை, ‘டீச்’ என்ற வேறு வினையே இருக்கிறது.

மாஸ்டரின் வாக்கியத்தில் ‘பையருக்கு’ என்ற சொல்லே இல்லை, கொடுவில் அது மறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை வெளியே எடுத்து வைத்தால்தான் வாக்கியம் முழுமையாகும்: “வீ வில் மேக் யூ எ நியூ சாம்பிள் இன் எ டிஃபரென்ட் ஃபேப்ரிக் பை வெட்னஸ்டே.” ‘பை’ விடுவுக்கு, ‘யூ’ கொடுவுக்கு.