நிறுத்தி வைக்கப்பட்ட விற்பனைத் தொகையைக் கேட்டு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் பணம் ஏன் இன்னும் வரவில்லை?" என்று மொத்தத் தொகையை மட்டும் குறிப்பிட்டு, பணத்தை நிறுத்தி வைத்திருக்கும் ஆன்லைன் விற்பனைத் தளத்துக்கு எழுதுவதே விற்பனையாளர்கள் செய்யும் முதல் தவறு. பொருள் திருப்பும் காலம் முடியாத ஆர்டர், வாடிக்கையாளர் தம் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சார்ஜ்பேக், கணக்குச் சரிபார்ப்பு எனத் தொகை நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றையும் வெவ்வேறு பிரிவினர் கவனிப்பதால், பிரித்துக் கேட்காத கடிதத்துக்குப் பொதுவான பதிலே வருகிறது.

டேஷ்போர்டில் 86,400 நிலுவை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தளம் தரவேண்டிய தொகைகளைக் கணக்கிட்டுக் காட்டும் செட்டில்மென்ட் அறிக்கையைத் தரவிறக்கி ஆர்டர் வாரியாகப் பார்த்தால், 21,400 திருப்பும் காலத்துக்குள் இருக்கும் ஆர்டர்களுக்கு உரியது என்றும், 15,000 ஒரு வாடிக்கையாளர் எழுப்பிய சார்ஜ்பேக்கில் சிக்கியிருக்கிறது என்றும் தெரியவரும். முதல் தொகை உரிய நாளில் தானாக விடுவிக்கப்படும். இரண்டாவதற்கு, கெடு முடிவதற்குள் டெலிவரிச் சான்றை அதற்குரிய பக்கத்தில் பதிவேற்ற வேண்டும். விளக்கமின்றி நிற்பது மீதமுள்ள 50,000 மட்டுமே. கடிதம் அதைப் பற்றி மட்டும், செட்டில்மென்ட் எண்ணோடும் வந்திருக்க வேண்டிய தேதியோடும் பேச வேண்டும்.

அடுத்த தவறு, "காரணம் சொல்லுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது. மோசடித் தடுப்புப் பிரிவினர் தாங்கள் எதைக் கண்டு சந்தேகித்தார்கள் என்பதைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகவே அவர்களால் பதில் சொல்லக்கூடிய கேள்விகளையே கேட்பது நல்லது. இப்படி எழுதலாம்: "இந்தத் தடை முழுக் கணக்குக்குமா, குறிப்பிட்ட ஆர்டர்களுக்கு மட்டுமா? ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்கீழ் விதிக்கப்பட்டது? எந்த ஆவணங்கள் தேவை? மறுபரிசீலனை எந்தத் தேதியில் நடைபெறும்?"

ஆவணம் அனுப்புவதில் பலரும் கவனிக்காத ஒன்று, பெயர்ப் பொருத்தம். பதிவுச் சான்றில் நிறுவனத்தின் பெயரும் வங்கிக் கணக்கில் உரிமையாளரின் பெயரும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் சான்றையும் சேர்த்து அனுப்பாதவரை சரிபார்ப்பு மீண்டும் மீண்டும் தோல்வியடையலாம். ஓரம் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டைவிட, வங்கி அறிக்கையின் முழுப் பக்கமே ஏற்கப்பட வாய்ப்பு அதிகம்.

பதில் தாமதமாகும்போது தினமும் புதிய புகார் டிக்கெட் திறக்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறொருவரிடம் போய், முன்பு அனுப்பிய சான்றுகள் அவர் கண்ணில் படாமலே போகக்கூடும். பணம் நிற்கும் வேளையில் வங்கிக் கணக்கை மாற்றுவது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அந்த மாற்றமே புதிய சரிபார்ப்பையும் புதிய தடையையும் கொண்டுவரக்கூடும். தொலைபேசியில் பேசியிருந்தால், சொல்லப்பட்டதை அதே டிக்கெட்டில் அன்றே எழுதிப் பதிந்துவிடுங்கள். அவர்கள் சொன்ன தேதி கடந்தபின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மேல்முறையீடு செய்யும்போது, அந்தப் பழைய டிக்கெட் எண்ணை முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள்.