வலிப்பு 5 நிமிடம் தாண்டினால்: மூக்கில் எத்தனை அழுத்து, கன்னத்தில் எவ்வளவு

பிள்ளைக்கு வலிப்பு வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டிய வலிப்பு அப்படி நிற்பது அரிது. நேரம் போகப் போக மருந்துக்கும் மசியாது. அந்த 5-வது நிமிடத்தில் வீட்டிலேயே கொடுப்பதற்காகத்தான் மிடாசோலம் என்ற மருந்தை டாக்டர் எழுதித் தருகிறார். பாபநாசம் பக்கத்து ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வலிப்பை ஓடவிடக் கூடாது.

இது டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து. கீழே உள்ள கணக்கு உங்கள் டாக்டர் எழுதிய அளவைப் புரிந்துகொள்வதற்கும் சரிபார்ப்பதற்கும்தான். சொந்தமாக அளவு போட்டுக் கொடுப்பதற்கு அல்ல.

முதலில் பாட்டிலைப் படியுங்கள்

நம் ஊர் மெடிக்கலில் அதிகம் கிடைப்பது மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஓர் அழுத்துக்கு 0.5 மி.கி. மருந்து வரும், மற்றதில் 1.25 மி.கி. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி சின்ன பாட்டில். நடக்கிற பிசகுகளில் மிக ஆபத்தானது இங்கேதான் தொடங்குகிறது.

4 வயதுப் பிள்ளை, எடை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மூக்கு வழியாக வழக்கமாகத் தரும் அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. 15-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 3 மி.கி. 0.5 மி.கி. பாட்டிலில் அது 6 அழுத்து, மூக்குத் துவாரத்துக்கு மூன்று. டாக்டர் சீட்டில் '6 பஃப்' என்று எழுதியிருப்பார். வீட்டில் எல்லோருக்கும் அந்த 6 மனப்பாடம் ஆகியிருக்கும்.

அடுத்த முறை கடையில் அந்த பாட்டில் இல்லை, 1.25 மி.கி. பாட்டிலைக் கொடுத்தார்கள். பழக்கத்தில் அதே 6 அழுத்தினால் உள்ளே போவது 7.5 மி.கி., அதாவது இரண்டரை மடங்கு. மூச்சையே அமுக்கிவிடக் கூடிய அளவு. அந்த பாட்டிலில் 2 அழுத்து என்றால் 2.5 மி.கி. 3 அழுத்தினால் 3.75 ஆகிவிடும். சரியாக 3 மி.கி. வராது என்பதால் எத்தனை அழுத்து என்பதை டாக்டரிடமே எழுதி வாங்க வேண்டும்.

ஆகவே சீட்டில் அழுத்தின் எண்ணிக்கையோடு மி.கி.யையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாட்டில் வாங்கிய அன்றே ஒரு பிளாஸ்திரியை அதன் மேல் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'எடை 15 கிலோ. 3 மி.கி. வலது 3, இடது 3.' கூடவே திறந்த தேதி. புது பாட்டில் வந்தால் பழைய பிளாஸ்திரியைப் பார்த்து எழுதாதீர்கள். லேபிளில் ஓர் அழுத்துக்கு எத்தனை மி.கி. என்று படித்த பிறகே எழுதுங்கள்.

பிள்ளை வளரும், பிளாஸ்திரி வளராது. 15 கிலோ 18 கிலோ ஆனால் 3.6 மி.கி. வேண்டும். அப்போதும் 6 அழுத்தே கொடுத்தால் மருந்து பற்றாமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அங்கன்வாடியில் எடை பார்த்து, மாறியிருந்தால் டாக்டரிடம் அளவைத் திருத்தி வாங்குங்கள். எடை எவ்வளவு கூடினாலும் ஒரு தடவைக்கு மொத்தம் 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

முன்கூட்டியே பம்ப்பை உயிர்ப்பித்தல்

புது பாட்டிலின் குழாயில் மருந்து இருக்காது, காற்றுதான் இருக்கும். வாங்கி வந்ததும் ஜன்னல் பக்கமாகப் பிடித்து, பனி போல மெல்லிய தூறல் வரும்வரை அழுத்துங்கள். இதைச் செய்யாமல் வைத்திருந்தால், அவசரத்தில் அடிக்கும் முதல் இரண்டு மூன்று அழுத்து வெறும் காற்றாகப் போகும். நீங்கள் ஆறு எண்ணியிருப்பீர்கள், பிள்ளைக்குப் போனது மூன்றாக இருக்கும். பல நாள் தொடாமல் கிடந்த பாட்டிலையும் மூக்கில் அடிக்கும் முன் ஒரு தடவை காற்றில் அழுத்தித் தூறல் வருகிறதா என்று பாருங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலோ கார் முன்பலகையிலோ பாட்டிலை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள், வெளிச்சம் படாத, மற்ற பிள்ளைகள் கைக்கு எட்டாத ஓர் இடம் போதும். அந்த இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வலிப்பு வந்ததும்

முதல் வேலை மணி பார்ப்பது. மனக்கணக்கு வேண்டாம். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். 7:10-க்குத் தொடங்கியது என்றால் 7:15-க்கு மருந்து. பக்கத்தில் இருப்பவரிடம் அந்த ஒரு வேலையை ஒப்படைத்துவிடுங்கள்: "ஆச்சி, சாவிய கையில குடுக்காதிய. மணிய மட்டும் பாத்து எனக்குச் சொல்லிக்கிட்டே இருங்க."

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் போகக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது, அந்த நேரத்தில் மூச்சைப் பார்க்க வேண்டிய கண்கள் வேறு பக்கம் திரும்பிவிடும். மூக்கில் சளியோ வாந்தியோ இருந்தால் துணியால் துடைத்து வையுங்கள். பாட்டிலை எடுத்து மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5 நிமிடம் ஆனதும் பிள்ளையின் தலையும் தோளும் உங்கள் மடியில் சற்று உயர்ந்திருக்கும்படி தூக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் பாட்டிலுக்குள் இருக்கிறது. அதன் குழாய் அடிப்பாகத்தில் இருந்து மருந்தை உறிஞ்சுவது. ஒருக்களித்துக் கிடக்கும் பிள்ளைக்குப் பாட்டிலைப் படுக்கை வசமாகச் சாய்த்துப் பிடித்தால் குழாய் மருந்துக்கு எட்டாமல் காற்றைத்தான் இழுக்கும். பாட்டில் நிமிர்ந்தபடியே இருக்க வேண்டும், பிள்ளையின் தலைதான் அதற்கு ஏற்ப வர வேண்டும்.

நுனியைத் துவாரத்துக்குள் மெதுவாக வையுங்கள். நடுத்தண்டைப் பார்த்து அல்ல, அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து. முழுக்க அழுத்தி விடுங்கள். பாதி அழுத்து கணக்கில் சேராது. வலது ஒன்று, இடது ஒன்று என்று மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு அடியுங்கள். ஒரே துவாரத்தில் ஆறையும் அடித்தால் மூக்கின் சவ்வு உறிஞ்ச முடியாமல் மருந்து தொண்டைக்கு வழியும். விழுங்கிய மருந்து வேலை செய்ய நேரமாகும், புரையும் ஏறலாம்.

அடித்து முடித்ததும் மறுபடி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மருந்து கொடுத்த மணியைக் குறியுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108-க்குப் போன் செய்துவிடட்டும். மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று காத்திருப்பது டவுனுக்குள் இருப்பவர்களுக்கு ஒருவேளை சரியாக இருக்கலாம். வண்டி வரவே நேரமாகும் ஊர்களில் அது சரிப்படாது. வலிப்பு நின்றுவிட்டால் அவர்களிடம் அதைச் சொன்னால் போயிற்று.

மூக்கு அடைத்திருந்தால் கன்னத்தில்

கடும் சளி, மூக்கில் ரத்தம் என்றால் மூக்கு மருந்து சரியாக ஏறாது. அதற்காகச் சில டாக்டர்கள் கன்னத்தில் விடும் அளவையும் எழுதித் தந்து, எப்படி என்று செய்துகாட்டுவார்கள். கன்னத்துக்கு வழக்கமான அளவு கிலோவுக்கு 0.3 மி.கி. அதே 15 கிலோவுக்கு 4.5 மி.கி. ஒரு மி.லி.யில் 5 மி.கி. இருக்கும் ஊசி மருந்தில் அது 0.9 மி.லி.

ஊசி மருந்திலும் இரண்டு வகை உண்டு. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள மருந்தை வாங்கிவிட்டால் அதே அளவுக்கு 4.5 மி.லி. விட வேண்டிவரும். அவ்வளவு திரவம் கன்னத்தில் தங்காது, வழிந்துவிடும் அல்லது தொண்டைக்குப் போகும். 5 மி.கி. என்று கேட்டு வாங்குங்கள்.

சிரிஞ்சில் மருந்தை எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். வழியும் எச்சிலைத் துடையுங்கள். உதட்டு ஓரத்தை விரலால் இழுத்து, கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே சிரிஞ்ச் முனையை வைத்துப் பாதியை மெதுவாக விடுங்கள், மீதியை மறுபக்கம். பற்களுக்கு நடுவே செலுத்தாதீர்கள், பல் இறுகியிருந்தால் பிரிக்கவும் வேண்டாம். பல் இறுக மூடியிருந்தாலும் கன்னப் பை திறந்துதான் இருக்கும். விட்டபின் வெளியிலிருந்து கன்னத்தை லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

கொடுத்த பிறகு எதைப் பார்ப்பது

பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் வலிப்பு அடங்கத் தொடங்கும். கை கால் தளர்ந்து பிள்ளை தூங்கிவிடும். இந்தத் தூக்கம் மருந்தினாலும் வலிப்பினாலும் வருவது. ஒன்றிரண்டு மணி நேரம்கூட நீளலாம். முழுக்க விழிக்கும்வரை பாலோ தண்ணீரோ கொடுக்காதீர்கள்.

ஆனால் எல்லா அமைதியும் தூக்கம் அல்ல. கை கால் ஆட்டம் நின்றபின் உள்ளுக்குள் வலிப்பு தொடர்வதும் உண்டு. மெதுவாக ஓர் இமையைத் தூக்கிப் பாருங்கள். கருவிழி ஒரே பக்கம் இழுத்து நிற்கிறதா, இமையோ வாயோரமோ விடாமல் துடிக்கிறதா, விரல்கள் இன்னும் விறைத்தே இருக்கின்றனவா? இதில் ஒன்று இருந்தாலும் வலிப்பு நிற்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சின் மேல் சட்டையை விலக்கி, மூச்சில் அது எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இந்த மருந்தின் முக்கியமான கெடுதல் மூச்சைக் குறைப்பது. தினமும் பீனோபார்பிட்டோன், குளோபாசம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக இருக்கலாம், ஆகவே மருந்து எழுதும்போதே அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சு விட்டு விட்டு வந்தால், குறட்டை போல இழுத்தால், முதலில் தாடையை மேலே தூக்கித் தலையைச் சற்றுப் பின்னே சாயுங்கள். நாக்கு பின்னால் விழுந்து அடைத்திருந்தால் இதிலேயே வழி திறந்துவிடும். உதடு நீலமானாலோ மூச்சு நின்றாலோ உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கத் தொடங்குங்கள், 108-ஐ ஸ்பீக்கரில் போட்டு அவர்கள் சொல்வதையும் செய்யுங்கள்.

கொடுத்து 10 நிமிடமாகியும் நிற்கவில்லை என்றால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். சீட்டில் இரண்டாம் தடவை என்று எழுதியிருந்தால் மட்டும், எழுதிய அளவு மட்டும். எழுதவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தால் வீட்டிலேயே காத்திருங்கள். வர வழியில்லை என்றால் மட்டும் வண்டி பிடித்து, முதலில் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி மாதிரி பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போங்கள், நேராக ஹைகிரவுண்டுக்கு அல்ல. போகும் வழியிலும் பிள்ளை மடியில் ஒருக்களித்தே இருக்கட்டும்.

பாட்டிலையும் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வாசலில் சொல்ல வேண்டியது நாலே வரி: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு எத்தனை மி.கி. கொடுத்தீர்கள், எடை என்ன, தினசரி மருந்து என்ன. அங்கே அடுத்த மருந்தை நரம்பில் போடும் டாக்டர், நீங்கள் சொல்லும் அந்த மி.கி. கணக்கையும் மணியையும் வைத்துத்தான் அடுத்து எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வார்.